ஜிம் பில்லும் முதல் வாரமும்

பிப்ரவரி 23
ஜிம் நடத்தும் அண்ணனுக்குப் போஸ்டர் செய்து கொடுத்ததற்கு நான் போட்ட பில் கெடு தாண்டி மூன்று நாளாகிவிட்டது. காலையில் செய்தி எழுதினேன். "சும்மா ஞாபகப்படுத்தலாம் என்று", "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" இரண்டையும் அழித்த பிறகு மிஞ்சியது இதுதான்: "அண்ணா, ஜனவரி போஸ்டர் வேலைக்கான பில் எண் 41, 20-ஆம் தேதி கெடு. தேட வேண்டாமென்று மறுபடி இணைத்திருக்கிறேன். எந்தத் தேதியில் அனுப்புவீர்கள் என்று சொன்னால் குறித்துக்கொள்வேன்."

"அனுப்பிவிட்டீர்களா?" என்று கேட்டால் "பார்க்கிறேன்" என்றுதான் பதில் வரும். தேதி கேட்டால் தேதி சொல்லியாக வேண்டும்.

வந்தது ஒரு கட்டைவிரல் பொம்மை.

பிப்ரவரி 26
போனில் பேசினேன், பகல் பதினொன்றரைக்கு. காலைக் கூட்டம் கலைந்து, மாலைக் கூட்டம் வராத நேரம். ஆட்கள் நடுவில் அவர் நிற்கும்போது பணப்பேச்சு எடுத்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

பணம் எப்போது கையில் புரளும் என்று கேட்டேன். மனிதர் கொட்டிவிட்டார். சந்தா எல்லாம் மாதத்தின் முதல் வாரத்தில் வருகிறது. வாடகை, பயிற்சியாளர் சம்பளம், மெஷின் தவணை என்று பத்தாம் தேதிக்குள் கரைந்துவிடுகிறது. என் கெடுவோ 20. அவர் ஏமாற்றவில்லை, வறண்ட வாரத்தில் போய் நிற்கிறது என் பில். மார்ச் 5 என்று தேதி கொடுத்தார். போனை வைத்ததும், "பேசியபடி மார்ச் 5, நன்றி அண்ணா" என்று எழுதி அனுப்பினேன். வாய்ப்பேச்சு மறந்துபோகும்.

மார்ச் 5
பாதி வந்தது. "கிடைத்தது, மீதி எப்போது?" என்று அன்றே கேட்டேன். பதில் இல்லை.

மார்ச் 8
கோடைச் சலுகைக்குப் போஸ்டர் வேண்டுமாம், நாளைக்கே. வேலை கேட்டு அவரே வரும் நேரம்தான் பாக்கியைப் பேசத் தோதானது. முடியாது என்று சொல்லவில்லை. "கட்டாயம் செய்கிறேன். 41-இன் மீதி வந்ததும் தொடங்கினால் மறுநாள் மாலை போஸ்டர் மாதிரி தயார்." மறுப்பும் இல்லை, மிரட்டலும் இல்லை, வரிசை மட்டும்தான். ராத்திரி மீதி வந்துவிட்டது.

தாமதக் கட்டணம் போடச் சொல்லி நண்பன் நச்சரிக்கிறான். வேலை தொடங்கும் முன் ஒப்புக்கொள்ளாத கட்டணத்தைப் பின்னால் ஒட்டினால், அந்தச் சின்னத் தொகைக்கு வாடிக்கையாளரே போய்விடுவார்.

மார்ச் 10
மாதிரியோடு புதிய ஏற்பாட்டையும் அனுப்பினேன். இனி பில் 25-ஆம் தேதி போகும், கெடு அடுத்த மாதம் 5. புது வேலைக்குப் பாதி முன்பணம். மாதிரி குறைந்த தரத்தில், குறுக்கே என் பெயரோடு இருக்கும். அச்சுக் கோப்பு மீதி வந்த பிறகு.

"எனக்கு மட்டுமா, எல்லோருக்குமா?" என்றார். எல்லோருக்கும்தான் என்றேன். அதனால் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் இதை இன்றே எழுத வேண்டியிருக்கிறது. அதில் ஒருவருக்குக் கையில் பணம் தாராளம், கொடுக்க மட்டும் மனம் வராது. தேதி மாற்றமெல்லாம் அவரிடம் எடுபடாது. முழு முன்பணம்தான் கேட்கப்போகிறேன்.