பழைய கம்பெனிக்குத் திரும்பினேன்: மேனேஜருக்கு எழுதிய மெயிலும் எச்.ஆரில் கிளம்பிய பூதமும்

"மேடம், ஹையர் ஸ்டடீஸ்னு போட்டு ரிசைன் பண்ணியிருக்கீங்க. என்ன கோர்ஸ் முடிச்சீங்க? சர்டிஃபிகேட் அனுப்புங்க."

பழைய கம்பெனியின் எச்.ஆரிலிருந்து இப்படி ஒரு போன். நான் எந்த கோர்ஸும் படிக்கவில்லை. படிக்கப் போகிறேன் என்று யாரிடமும் சொன்னதும் இல்லை. மேனேஜர் சம்மதம் சொல்லி, இன்டர்வியூ முடிந்து, ஆஃபர் லெட்டருக்காகக் காத்திருந்த நேரத்தில் வந்து நின்ற பூதம் இது. என்னைப் போல் விட்டுவிட்டு வந்த இடத்துக்கே திரும்ப நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

மெடிக்கல் பில்லிங்கில் ஏ.ஆர். காலர் வேலை, சென்னையில், நைட் ஷிஃப்ட். அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் போட்டு, "இந்த கிளெய்முக்கு ஏன் பணம் வரவில்லை" என்று கேட்கிற வேலை. இதில் இருப்பவர்களுக்கு ஹோல்டு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே கிளெய்முக்கு முக்கால் மணி நேரம் பாட்டு கேட்டுக்கொண்டிருந்த இரவுகள் உண்டு. எங்கள் டீம் லீடர் அந்த நேரத்தை எல்லாம் சும்மா உட்கார்ந்திருந்ததாகக் கணக்கெழுதினார். டார்கெட் குறைந்தது, இன்சென்டிவ் போனது. மேனேஜருக்கு மெயில் போட்டேன். "பார்க்கலாம்மா" என்றார், பார்க்கவில்லை. வேறு கம்பெனியில் ஆஃபர் வந்ததும் கிளம்பிவிட்டேன்.

ரிசிக்னேஷனில் எல்லோரையும் போல "சொந்தக் காரணம்" என்றுதான் எழுதினேன். கடைசி நாளில் எக்ஸிட் ஃபார்மை எச்.ஆர். தம்பியே அவர் சிஸ்டத்தில் நிரப்பினார். "டீம் பிரச்சினைன்னு போட்டா மேல ரிவ்யூவுக்குப் போகும் மேடம், ரிலீவிங் லெட்டர் லேட்டாகும். நான் பார்த்துக்கறேன்" என்றார். அவர் எதைப் பார்த்து கிளிக் செய்தார் என்பது அந்த போன் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

புதிய இடத்தில் கிளையன்ட் கான்ட்ராக்டை முடித்துக்கொண்டதால் பாதிப் பேரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பழைய மேனேஜருக்கு எழுதலாம் என்று தோன்றியது அப்போதுதான். வேலை கேட்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. ஏன் போனேன் என்பதை எப்படி எழுதுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். முழுக்கதையும் எழுதினால் பழைய புகாரைத் தூசி தட்டுவது போல ஆகிவிடும். எழுதாமல் விட்டாலும் சரியில்லை, அவர் இன்பாக்ஸிலேயே என் மெயில் கிடக்கிறதே! "நல்ல வாய்ப்பு வந்தது சார், போனேன்" என்று பூசி மெழுகினால் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கூட வேலை பார்த்த அக்கா ஒருவர் நல்ல யோசனை சொன்னார். "காரணத்தை ஒரே வரியில எழுது. ஆள் பேரைப் போடாதே, விஷயத்தைப் போடு. அடுத்த வரியிலேயே, அந்த விஷயம் இப்ப எப்படி இருக்குன்னு கேளு."

அப்படித்தான் எழுதினேன். மெயில் ஆங்கிலத்தில் போனது, தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"சார், வணக்கம். உங்கள் டீமில் ஏ.ஆரில் இருந்தேன். என் பழைய எம்ப்ளாயி ஐ.டி.யும் கடைசி வேலை நாளும் கீழே இருக்கின்றன. ஹோல்டு நேரத்தை டார்கெட்டில் எப்படிக் கணக்கெடுப்பது என்பதில் உடன்பாடு வராததால் விலகினேன். அப்போது உங்களுக்கு எழுதியும் இருந்தேன். இப்போது அந்தக் கணக்கு எப்படி என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இடைப்பட்ட காலத்தில் டினையல், அப்பீல் வேலையைத் தனியாகப் பார்த்தேன். டைம்லி ஃபைலிங் கெடு தாண்டியதாகச் சொல்லி CO-29 கோடு போட்டு மறுத்த கிளெய்ம்களை, முதலில் அனுப்பியதற்கான ஆதாரத்தோடு அப்பீல் செய்வதுதான் பெரும்பகுதி. உங்கள் டினையல் டீமில் இடம் இருந்தால் பேச விரும்புகிறேன்."

அவ்வளவுதான். "மன்னிக்கவும்" இல்லை, "உங்களை மிஸ் பண்ணினேன்" இல்லை. சம்பளப் பேச்சும் இல்லை, அதை முதல் மெயிலில் எடுத்தால் படிப்பவர் கண் அங்கேயே நின்றுவிடும். ஐ.டி.யையும் கடைசி நாளையும் போட்டதற்குக் காரணம் உண்டு. மேனேஜர் இதை எச்.ஆருக்கு ஃபார்வர்டு செய்வார். அவர்கள் முதலில் தேடுவது அந்த இரண்டையும்தான், திரும்ப எடுக்கலாமா கூடாதா என்று ரெக்கார்டில் போட்டு வைத்திருப்பார்கள். மாதக் கடைசியில் மட்டும் அனுப்பாதீர்கள். குளோசிங் நேரத்தில் எந்த மேனேஜரும் மெயில் படிக்கிற மனநிலையில் இருக்க மாட்டார்.

அனுப்பிவிட்டு வாட்ஸ்ஆப்பில், "சார், ஒரு மெயில் போட்டிருக்கேன், நேரம் கிடைக்கும்போது பாருங்க" என்று மட்டும் சொன்னேன். அவரே கூப்பிட்டார்.

"அவரு இன்னும் இங்கதாம்மா இருக்காரு. பரவாயில்லையா?"

பழைய டீம் லீடரைப் பற்றி இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். "வேற டீம்னா எனக்குப் பிரச்சினையே இல்லை சார். அதே டீம்னா, ஹோல்டு கணக்கு எப்படின்னு மெயில்ல ஒரு வரி வேணும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "டினையல்லதான் ஆள் வேணும். கணக்கையும் மாத்திட்டோம். மெயில்லயே போடச் சொல்றேன்" என்றார். மாற்றியதை அன்றைக்கே செய்திருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

இன்டர்வியூ ஒப்புக்கு நடந்தது. அதற்குப் பிறகுதான் அந்த சர்டிஃபிகேட் கேள்வி.

எச்.ஆரில் இப்போது இருப்பவர் புதியவர். ரெக்கார்டில் ஒரு காரணம், என் மெயிலில் வேறொரு காரணம், அவருக்கு நான் பொய் சொல்வதாகப் பட்டிருக்கிறது. "நீங்களே செலக்ட் பண்ணினதுதானே மேடம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஃபார்மை நிரப்பிய தம்பி வேலையை விட்டே போய்விட்டார். இந்த இடத்தில் கோபத்தில், "ஆமா, படிச்சேன், பாதியில நிறுத்திட்டேன்" என்று சொல்லி முடித்துவிடலாம் போல இருக்கும். சொல்லாதீர்கள். பேக்ரவுண்டு வெரிஃபிகேஷனில் அந்தத் தேதிகளில் நீங்கள் இன்னொரு கம்பெனியில் முழுநேர வேலையில் இருந்தது பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியில் பளிச்சென்று தெரியும்.

மேனேஜரிடம் சொன்னேன். ஹோல்டு பற்றி அந்தக் காலத்தில் நான் போட்ட மெயிலை அவர் தேடி எடுத்து எச்.ஆருக்கு அனுப்பி, "இவர் போனதற்கு இதுதான் காரணம், எனக்குத் தெரியும்" என்று மேலே எழுதினார். அன்றைக்கு எதுவும் செய்யாத மனிதர்தான், ஆனால் மெயிலை அழிக்காமல் வைத்திருந்தார். அதற்கு ஒரு கும்பிடு. பழைய பதிவை மாற்ற முடியாது, ரிமார்க்ஸ் மட்டும் சேர்க்கலாம் என்றார்கள். சரி, சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அதனால், மேனேஜருக்கு எழுதும் முன்பே எச்.ஆர். ஹெல்ப்டெஸ்க்குக்கு ஒரு மெயில் போட்டு, விலகிய காரணமாக உங்கள் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். இப்போது வேலையை விடப் போகிறவர்கள் எக்ஸிட் ஃபார்மின் பிரதியைக் கேட்டு வாங்கி சொந்த மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வயிற்றெரிச்சல் மட்டும் பாக்கி. கிராஜுவிட்டிக்குப் பொதுவாக ஐந்து வருட சர்வீஸ் வேண்டும். நான் போனது அதற்குச் சற்று முன்னால். ராஜினாமா செய்துவிட்டுத் திரும்பியதால் பழைய வருடங்கள் சேராது, மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டும். பி.எஃப். பரவாயில்லை, அதே யூ.ஏ.என்.னில் தொடர்கிறது. இதைச் சொல்லித்தான் சம்பளத்தில் கொஞ்சம் கூட்டிக் கேட்டேன், கேட்டதில் பாதி கொடுத்தார்கள்.

ஹோல்டு நேரம் தனிக் கணக்கு என்ற மெயிலும் சொன்னபடி வந்தது. சேர்ந்த வாரம் கேன்டீனில் பழைய டீம் லீடரைப் பார்த்தேன். "வந்துட்டியாம்மா?" என்றார். "வந்துட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டு என் சீட்டுக்கு வந்துவிட்டேன்.