வலப்பக்கத்துச் சந்தும் மஞ்சள் பலகையும்: பிரான்சில் கார் பயணம்

லுவார் பள்ளத்தாக்கின் அரண்மனைகளைப் பேருந்தை நம்பிச் சுற்றுவது சிரமம். அதனால் தூர் நகரை ஒட்டிய சேன் பியேர் தெ கோர் ரயில் நிலையத்திலேயே வாடகைக்குக் கார் எடுத்தோம். நண்பர் ஓட்ட, நான் பலகைகளைப் படித்துச் சொன்னேன். நம்மூர் உரிமத்தோடு, ஆர்.டி.ஓ.வில் வாங்கிய சர்வதேச அனுமதியும் கையில் இருந்தது.

ஒப்பந்தத்தில் இரண்டு சொற்களைக் கவனிக்க வேண்டும். 'கோசியோன்' என்பது கிரெடிட் கார்டில் முடக்கி வைக்கும் முன்பணம். 'ஃபிரான்ஷீஸ்' என்பது வண்டிக்குச் சேதம் வந்தால் காப்பீடு போக நாமே கட்டவேண்டிய தொகை. வண்டியின் நிலையைக் குறிக்கும் தாளில் பின்பக்க பம்பரின் கீறல் இல்லை. ஊழியரைக் கூப்பிட்டுக் காட்டி, எழுதச் சொல்லி, போட்டோவும் எடுத்த பிறகுதான் சாவியை வாங்கினோம்.

பிறகு டி751 சாலையில் அஸே-லெ-ரிதோ வழியாக ஷினோன் நோக்கிப் புறப்பட்டோம். வலப்பக்கமாக ஓட்டுவது சீக்கிரம் பழகிவிடும். அதைவிடக் கவனம் கேட்பது 'பிரியோரித்தே அ த்ருவாத்', அதாவது வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு முன்னுரிமை என்ற விதி. சந்திப்பில் எந்தப் பலகையும் கோடும் இல்லையென்றால், நாம் போவது அகலமான சாலை, அவர் வருவது சின்னச் சந்து என்றாலும் நாம்தான் வழிவிட வேண்டும்.

ஒரு மூலை கீழே வரும்படி நிற்கும் மஞ்சள் சதுரப் பலகையைச் சுற்றி வெள்ளை விளிம்பு இருந்தால், நம் சாலைக்கே முன்னுரிமை. அதே சதுரத்தின் மேல் கறுப்புக் கோடு விழுந்திருந்தால் அந்த முன்னுரிமை அத்தோடு முடிந்தது. பெரும்பாலும் ஊருக்குள் நுழையும் இடத்தில்தான் இதைப் பார்க்கலாம். சிவப்பு விளிம்பு முக்கோணத்துக்குள் கறுப்புப் பெருக்கல் குறி இருந்தால், அடுத்த சந்திப்பில் வலப்பக்க விதி என்று பொருள்.

வழியில் ஒரு கிராமத்துக்குள் கறுப்புக் கோட்டுப் பலகை வந்தது. நான் சொன்னதும் நண்பர் வேகத்தைக் குறைத்தார். சற்றுத் தள்ளி, ரொட்டிக் கடைக்குப் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு வெள்ளை வேன் எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாலைக்குள் வந்தது. அந்த ஓட்டுநர்மேல் தப்பே இல்லை. சந்தின் வாயில் தரையில் வெள்ளைக் கோடு எதுவும் இல்லை. அது அவருடைய உரிமை. அங்கே விட்டுவிட்டு வரைந்த கோடும் தலைகீழ் முக்கோணமும் இருந்திருந்தால் அவர்தான் நமக்காகக் காத்திருக்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்தோ மண்பாதையிலிருந்தோ வருபவருக்கும் இந்த உரிமை கிடையாது.

ரவுண்டானாக்களில் பெரும்பாலும் உள்ளே சுற்றுபவருக்கே முன்னுரிமை. பாரிஸின் வெற்றி வளைவைச் சுற்றும் வட்டம் விதிவிலக்கு. அங்கே உள்ளே நுழைபவருக்கு வழிவிட வேண்டும். வாடகைக் காரோடு அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

வேகத்துக்குத் தனிப் பலகையைத் தேட வேண்டாம். சிவப்பு விளிம்புள்ள வெள்ளைப் பலகையில் ஊர்ப் பெயர் வந்தாலே, வேறு எண் எழுதியிராவிட்டால், 50 கி.மீ.தான். பெயரின் குறுக்கே சிவப்புக் கோடு வரும்வரை அது நீடிக்கும்.

காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் டேங்கை நிரப்பும்போது ஒரு எச்சரிக்கை: 'கஸோல்' என்றால் டீசல். பெட்ரோலுக்கு 'சான் ப்ளோ'. மூடியின் உட்புறம் சதுரத்துக்குள் பி7 என்று இருந்தால் டீசல் வண்டி. வட்டத்துக்குள் ஈ10 என்று இருந்தால் பெட்ரோல்.