வல்லினம் வராத வாய்

என் மகள் இடப்பக்க உதட்டுப் பிளவோடும் அண்ணப் பிளவோடும் பிறந்தாள். முதல் இரண்டு நாள்கள் ஒரு மணி நேரம் சப்பியும் பசியோடு அவள் அழுதபோது, என்னிடம் பால் போதவில்லை என்றே நினைத்துக் கலங்கினேன். உறிஞ்சுவதற்கு வாய் மூடிய அறைபோல் இருக்க வேண்டும் என்றும், அண்ணம் பிளந்திருந்தால் மூக்கு வழியே காற்று புகுந்து உறிஞ்சு விசையே உண்டாகாது என்றும் செவிலியர் விளக்கிய பிறகுதான் தெளிந்தேன். பாலைப் பீய்ச்சி, அழுத்தினால் சொட்டும் மென்மையான புட்டியில் நிரப்பி, அவளை ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் பிடித்து, விழுங்குவதற்கு ஏற்ப அழுத்தி ஊட்டினோம். காற்றையும் சேர்த்து விழுங்குவதால் அடிக்கடி ஏப்பம் விடவைத்தோம். அரை மணிக்கு மேல் நீட்டினால் களைத்துவிடுவாள் என்பதால் அதற்குள் முடித்தோம். எடை நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறியதைப் பார்த்த பிறகே எனக்கு மூச்சு வந்தது.

உதட்டை 4ஆம் மாதத்திலும் அண்ணத்தை 11ஆம் மாதத்திலும் தைத்தார்கள். அண்ணம் மூடியதும் எல்லாம் முடிந்தது என்று நான் நம்பியது தவறு.

இரண்டரை வயதில் 'அம்மா' தெளிவாக வந்தது, 'அப்பா' வரவில்லை. உதடுகள் சேராமல், தொண்டையில் ஒரு வெட்டோடு 'அ-ஆ' என்றே வந்தது. மெல்லினத்துக்குக் காற்று மூக்கு வழியே போகலாம். வல்லினத்துக்கு வாய்க்குள் அது அடைபட்டுத் திரள வேண்டும். திரளாத காற்றைத் தொண்டையிலேயே நிறுத்தப் பழகியிருந்தாள். பேச்சுப் பயிற்சியாளர் முதலில் அந்தப் பழக்கத்தைத்தான் மாற்றினார்: மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் உதடுகளைப் பார்த்தபடி, குரலில்லாமல் கிசுகிசுப்பாக 'ப' சொல்லவைத்தார். வீட்டில் பத்துப் பத்து நிமிடங்களாக நாளுக்கு மூன்று முறை செய்தோம். பலூன் ஊதச் சொன்னவர்கள் பலர். ஊதும்போது அண்ணம் இயங்குவதும் பேசும்போது இயங்குவதும் ஒன்றல்ல என்பதால் அவர் அதை வேண்டாம் என்றார்.

ஏழெட்டு மாதங்களில் உதடுகள் சேர்ந்தன. ஆனால் 'பாப்பா' என்கையில் மூக்கின் கீழ் வைத்த சிறு கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே இருந்தது. மூக்கைப் பிடித்தால் ஒலி தெளிந்தது, விட்டால் மங்கியது. உதடும் நாக்கும் சரியான இடத்துக்கு வந்த பிறகும் காற்று கசிகிறதென்றால், அதைப் பயிற்சியால் அடைக்க முடியாது என்று அவரே வெளிப்படையாகச் சொல்லி, அறுவை மருத்துவரிடம் திருப்பி அனுப்பினார். மூக்கு வழியாகக் குழாய்க் கேமரா செலுத்திப் பார்த்ததில், மெல்லண்ணம் தொண்டையின் பின்சுவரைத் தொடாமல் இடைவெளி விடுவது தெரிந்தது. 5 வயதில் மீண்டும் அறுவை செய்து, பிறகு நான்கு மாதங்கள் பயிற்சியைத் தொடர்ந்தோம். கண்ணாடி இப்போது 'மாமா'வுக்கு மட்டுமே மங்குகிறது.

மேல் ஈறில் உள்ள பிளவுக்கு, கோரைப்பல் முளைக்கும் முன் இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டும். அவளுக்கு 8 வயதாகும்போது படமெடுத்து நாள் குறிப்பார்கள்.