மூக்குத்தி மறைந்த இடம்: முகம் மாற்றிய படங்களைக் கண்டறியப் பழகிய அனுபவம்

ஒருவர் முகத்தின்மேல் இன்னொருவர் முகத்தைப் பொருத்திய படங்களைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியுமா என்று அறிய, சில மாதங்களாக வார இறுதிகளில் பயிற்சி செய்து வருகிறேன். முதலில் எனக்கே உண்மை தெரிந்த படங்கள் தேவைப்பட்டன. ஆகவே என் மனைவியிடமும் அக்காளிடமும் சம்மதம் பெற்று, பினாங்கில் எங்கள் வீட்டு வாசலிலும் லிட்டில் இந்தியா நடைபாதையிலும் அவர்களைப் படமெடுத்தேன். பிறகு என் மடிக்கணினியிலேயே ஒருவர் முகத்தை மற்றவர் படத்தில் மாற்றி, அசலையும் மாற்றியதையும் அருகருகே வைத்துப் பார்த்தேன்.

தொடக்கத்தில் நான் செய்த தவறு தோட்டை நம்பியது. போலிப் படத்தில் இரண்டு தோடுகளும் ஒன்றுபோல் இருக்காது என்று எங்கோ படித்திருந்தேன். அக்காளின் இரு ஜிமிக்கிகளும் முத்து முத்தாக ஒத்திருந்ததைக் கண்டு, மனைவியின் முகம் பொருத்தப்பட்ட படத்தையே அசல் என்று பிரித்து வைத்துவிட்டேன். காரணம் பின்னர்தான் விளங்கியது. தோடு பொருந்தாமல் போவது, ஆளே இல்லாமல் முழுப் படத்தையும் கணினி உருவாக்கும்போது நேரும் பிழை. முகமாற்றத்தில் மென்பொருள் புருவத்துக்குச் சற்று மேலிருந்து முகவாய் வரையுள்ள பகுதியை மட்டும் புதிதாக எழுதி, ஓரத்தை மங்கலாக்கி ஒட்டுகிறது; காது, கூந்தல், கழுத்து, சேலை எல்லாம் அசல் புகைப்படத்திலிருந்து அப்படியே தங்கிவிடுகின்றன. எனவே ஜிமிக்கி ஒழுங்காக இருப்பது ஒட்டிய பகுதிக்கு வெளியே உள்ள உடல் உண்மையானது என்பதற்குத்தான் சான்று, முகத்திற்கு அன்று.

அதன்பின் ஒவ்வொரு அடையாளத்தையும், முகம் ஒட்டப்பட்ட வட்டத்துக்குள் இருப்பது, வெளியே இருப்பது, எல்லையைக் கடந்து செல்வது என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். நம் பெண்களின் படங்களில் இது நன்றாக வேலை செய்கிறது, ஏனெனில் மூக்குத்தியும் பொட்டும் வட்டத்துக்குள் அல்லது அதன் விளிம்பில் வருகின்றன. அக்காளின் ஒற்றைக்கல் மூக்குத்தி, மாற்றிய படங்களில் பெரும்பாலும் மறைந்தது, அல்லது மூக்கின் பக்கத்தில் ஒரு வெளிறிய மருவைப்போலத் தேய்ந்து நின்றது. காதிலிருந்து கூந்தலுக்குப் போகும் மாட்டல் எல்லையைக் கடந்தால், இரண்டு மூன்று மணிகள் மட்டும் கரைந்து, சங்கிலி நடுவில் அறுந்ததுபோல் தெரிந்தது. ஜிமிக்கியைவிட அதன் நிழலையே நான் இப்போது தேடுகிறேன்: தோடு காதில் தெளிவாகத் தொங்க, தாடையில் விழ வேண்டிய அதன் நிழல் பாதியில் நின்றிருந்தால் அங்கேதான் ஒட்டு இருக்கிறது.

முகத்து நிழலுக்குப் பினாங்கு வெயில் நல்ல பாடம். இங்கு ஒரு மணிக்குப் பிறகுதான் சூரியன் உச்சிக்கு வருகிறது. அப்போது மூக்கின் நிழல் நேராக மேலுதட்டில் விழும், முகவாயின் நிழல் கழுத்தில் விழும். நிழல் விழும் தூரம் கூடக் கூட அதன் ஓரம் மங்குவது இயல்பு. ஆகவே மேலுதட்டு நிழல், கழுத்து நிழலுக்குக் குறையாத கூர்மையோடு இருக்க வேண்டும். நான் மாற்றிய படங்களில் இது தலைகீழாக இருந்தது: கழுத்தில் கத்தியால் கீறியதுபோன்ற கோடு, உதட்டின்மேல் புகை படிந்தாற்போன்ற சாம்பல். நான் பயன்படுத்திய மென்பொருள் முகத்தை 128க்கு 128 படப்புள்ளிகளில் எழுதிவிட்டுப் பெரிதாக்குவதுதான் இதற்குக் காரணம். படத்தில் முகம் 600 புள்ளி அகலம் இருந்தால் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு இழுக்கப்படுகிறது. ஆனால் கைப்பேசியின் அழகூட்டும் வசதியும் முகத்தை மட்டும் மென்மையாக்கும் என்பதால், இந்த ஓர் அடையாளத்தை வைத்து எந்தப் படத்தையும் நான் போலி என்று சொல்வதில்லை.

பற்களும் அதே சிறிய சதுரத்தில் அடங்க வேண்டியிருப்பதால், பல்லுக்குப் பல் உள்ள கோடு மறைந்து ஒரே வெள்ளைப் பட்டையாகிறது. முகத்தைக் கூர்மையாக்கும் இரண்டாவது மென்பொருளைச் சேர்த்தபோது பற்கள் திரும்பி வந்தன. ஆனால் அவை யாருடைய பற்களும் அல்ல. என் மனைவிக்கு இடப்பக்கம் ஒரு தெற்றுப்பல் உண்டு. அவள் முகத்தை எத்தனை படங்களில் பொருத்தியும் அந்தத் தெற்றுப்பல் ஒருமுறைகூட வரவில்லை. தெரிந்தவரின் படமென்றால் நான் முதலில் பார்ப்பது சிரிப்பைத்தான்.

சென்ற மாதம் பட்டர்வொர்த்தில் இருக்கும் சித்தி ஒரு படத்தைப் புலனத்தில் அனுப்பி, "இந்தப் பொண்ணு தங்க முதலீடு செய்யச் சொல்லுது, கொஞ்சம் பாத்துச் சொல்லுய்யா" என்று கேட்டார். பட்டுச்சேலை, ஜிமிக்கி, வெயிலில் நிற்கும் நடுவயதுப் பெண். புலனத்தில் வரும் படம் சுருக்கப்பட்டுப் புள்ளிகள் சிதைந்திருக்கும் என்பதால், ஆவணமாகவே அனுப்பச் சொல்லி வாங்கினேன். நானூறு விழுக்காடு பெரிதாக்கியபோது கழுத்து நிழலின் ஓரம் தெளிவாகவும் மேலுதட்டு நிழல் மங்கலாகவும் இருந்தன. அது அழகூட்டியாலும் நேரலாம் என்று ஒதுக்கிவிட்டு முன்நெற்றிக்குப் போனேன். நெற்றியின் மேற்பாதி ஒரு நிறம், கீழ்ப்பாதி சற்றே மஞ்சள். இரண்டுக்கும் நடுவே விரலகலப் பட்டையில் தோலின் துளைகளே இல்லை. இடப்புறம் நெற்றிப்பொட்டில் இறங்கிய குறுமயிர்கள் மூன்று ஒரே உயரத்தில், அழிப்பானால் தேய்த்ததுபோல் முடிந்திருந்தன. உண்மையான குறுமயிர் ஒவ்வொன்றும் வெவ்வேறு நீளத்தில் மெலிந்து முடியும். மூக்கின் வலப்பக்கத்தில், நான் அக்காளின் படங்களில் பார்த்துப் பழகிய அதே வெளிறிய மரு இருந்தது.

எல்லைக்கு வெளியே உள்ள உடல் உண்மை என்ற பாடம் இங்கே கைகொடுத்தது. முகத்தை வெட்டியெறிந்து, சேலைக் கரையும் ஜிமிக்கியும் மட்டும் தெரியும் துண்டைப் படத்தேடலில் இட்டேன். முழுப் படத்துக்குக் கிடைக்காத விடை, இந்தத் துண்டுக்குக் கிடைத்தது: ஒரு சேலைக் கடையின் விளம்பரப் படம், அதே மடிப்பு, அதே ஜிமிக்கி, வலப்பக்கத்தில் மூக்குத்தியோடு வேறொரு முகம். இரண்டையும் சித்திக்கு அனுப்பினேன். அந்தப் பெண் பதிவுப் பணமாகக் கேட்ட 500 ரிங்கிட்டைச் சித்தி இன்னும் கட்டியிருக்கவில்லை.

என் முறை தடுமாறும் இடங்களும் இருக்கின்றன. மேகமூட்டத்தில் எடுத்த படத்தில் ஒப்பிட நிழலே கிடைப்பதில்லை. முகம் நூறு புள்ளிக்கும் குறைவாக இருக்கும் குழுப்படங்களில் மென்பொருள் எதையும் பெரிதாக்க வேண்டியதில்லை என்பதால் பற்களும் குறுமயிரும் ஒன்றும் சொல்வதில்லை. அவற்றை முடிவு செய்ய இயலாதவை என்று தனிக் கோப்புறையில் போட்டு வைக்கிறேன். அடுத்த வாரம் பக்கவாட்டில் திரும்பிய முகங்களை எடுக்க அக்காள் ஒப்புக்கொண்டிருக்கிறார். முகம் திரும்பும்போது ஒட்டின் எல்லை காதுக்கு அருகே வருவதால், மாட்டலின் மணிகள் எத்தனை கோணம் வரை தாக்குப்பிடிக்கின்றன என்று எண்ணிப் பார்க்கப் போகிறேன்.