ஷிவா: யூதர் வீட்டில் ஏழு நாள் துக்கம்

யூதர்கள் அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் ஏழு நாள் துக்கம் காப்பார்கள். இதற்கு ஷிவா என்று பெயர். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவி தாழ்வான இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் சாப்பாடு அக்கம்பக்கத்தார் கொண்டுவருவது. பெரும்பாலும் அவித்த முட்டையோ பருப்போ இருக்கும்.

நாள் கணக்கு கொஞ்சம் வித்தியாசமானது. செவ்வாய் மதியம் அடக்கம் என்றால் அந்தச் செவ்வாயே முதல் நாள். ஏழாம் நாளான திங்கட்கிழமை காலை, தொழுகைக்குப் பின் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடலாம். நடுவில் வரும் சனிக்கிழமை ஓய்வுநாளும் கணக்கில் சேரும், ஆனால் அன்று வெளிப்படையாகத் துக்கம் காட்டமாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. துக்கம் கேட்க வருகிறவர் முதலில் பேசக் கூடாது, வீட்டுக்காரர் வாய் திறக்கும்வரை சும்மா கூட உட்கார்ந்திருக்க வேண்டும். "எப்படி ஆச்சு?" என்று வாசலிலேயே குடையும் கேள்விக்கு அங்கே இடமில்லை. எவ்வளவு பெரிய கருணை இது!

அப்புறம் இறந்தவருக்காகச் சொல்லும் கடீஷ். பெரும்பகுதி அரமேய மொழியில் உள்ள இந்த வேண்டுதலில் மரணம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கிட்டத்தட்ட முழுக்க இறைவனின் புகழ்தான். இதைச் சொல்லப் பத்துப் பேர் கூட வேண்டும். பழமைவழி யூதரிடம் பத்தும் ஆண்கள். அதனால்தான் ஷிவா வீட்டுக்கே தொழுகைக்கு ஆட்கள் வருகிறார்கள். தாய் தந்தைக்காகப் பிள்ளை இதைப் பதினொரு மாதம் சொல்வது வழக்கம். இறந்தபின் கொடியவர்களுக்குத்தான் பன்னிரண்டு மாதத் தீர்ப்பு என்பது மரபு. பெற்றவர்களை அந்த வரிசையில் வைக்க மனம் வராமல் ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடுகிறார்கள்.