அம்மாவின் இரண்டாவது கோல்

மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் பார்ப்பது என் வேலை. கிழமையில் மூன்று நாள் திருகோணமலையிலிருந்து கிண்ணியா, மூதூர்ப் பக்கம் கார் ஓட்டுவேன். மற்ற நாட்களில் கச்சேரியில் கூட்டம் இருக்கும். உப்புவெளியில் இருக்கிற அம்மாவுக்கு நான் கோல் எடுக்காவிட்டால் மனம் பொறுக்காது. ஒருநாள் மூதூர் போகும்போது பதினொரு தரம் எடுத்திருந்தா. ஏழாவது தரம் யாரென்று பார்க்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது பானட்டுக்கு முன்னால் மாடு நின்றது. அன்றிரவே இதற்கு ஒரு வழி பண்ண உட்கார்ந்தேன்.

என்னுடையது ஆண்ட்ரோய்ட் போன். அதில் `MacroDroid` என்ற செயலியைப் போட்டேன். "இது நடந்தால் இதைச் செய்" என்று அதில் எழுதி வைக்கலாம். நான் எழுதியது இவ்வளவுதான்: கோல் தவறினால், கார் ரேடியோவின் புளூடூத் இணைந்திருந்தால், அந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பு. கூட்டத்துக்கு இன்னொன்று எழுதினேன். அதில் புளூடூத்துக்குப் பதில் போன் நாட்காட்டியில் "கூட்டம்" என்று குறித்த நேரம். கோல், எஸ்எம்எஸ், தொடர்புப் பட்டியல் அனுமதிகளைக் கேட்டது, கொடுத்தேன். அக்காவை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன், உடனே போனது. அடுத்த நாள் கார் ஓட்டும்போது எஸ்எம்எஸ் போகவே இல்லை.

காரணம் பற்றரி. திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் போன் அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிடுகிறது. செயலியின் பற்றரி அமைப்பை `Unrestricted` என்று மாற்றிய பிறகுதான் சரிவந்தது. வீட்டில் வேலை செய்து வெளியில் செய்யாவிட்டால் முதலில் இதைத்தான் பாருங்கள். போனை அரைமணி நேரம் தொடாமல் வைத்துவிட்டுச் சோதியுங்கள், அப்போதுதான் உண்மை தெரியும்.

அடுத்தது எஸ்எம்எஸ் கணக்கு. முதலில் நான் மரியாதையாக மூன்று வரி எழுதியிருந்தேன். ஒரு கோலுக்கு இரண்டு எஸ்எம்எஸ் காசு போனது. ஆங்கில எழுத்தென்றால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து கொள்ளும். தமிழென்றால் 70 தான். அந்த 70-ம் நாம் எண்ணுகிற எழுத்தல்ல. "கு" என்பது க ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. புள்ளியும் தனியாக ஒன்று. அதைத் தாண்டினால் துண்டு துண்டாகப் போகும், ஒவ்வொரு துண்டுக்கும் 67 தான் இடம். அடித்து அழித்து கடைசியில் இப்படி வந்தது:

"வண்டியில் போறன். பிறகு எடுக்கிறன். அவசரமெண்டால் உடனே திரும்ப எடுங்கோ."

இடைவெளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து 69. இரண்டு நாள் இந்த ஒரு வரியோடு மல்லுக்கட்டினேன், அதில் எனக்கு வருத்தமில்லை. அம்மா கண்ணாடி போடாமல் வாசிக்கிற நீளம் அது.

கடைசி வசனத்தைச் சும்மா எழுதவில்லை. புளூடூத் இணைந்ததும் போன் "தொந்தரவு செய்யாதே" நிலைக்குப் போகும்படி வைத்திருக்கிறேன். அதற்குள் திரும்ப அழைப்பவர்களை அனுமதிக்கிற தெரிவு இருக்கிறது. ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாவது தரம் எடுத்தால் மணி அடிக்கும். ஐபோனில் அது 3 நிமிடம். அதனால் முதல் கோலுக்கு எஸ்எம்எஸ், இரண்டாவதுக்கு மணி. அது கேட்டால் காரை ஓரமாக நிறுத்தித்தான் எடுப்பேன்.

தொடர்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும் பதில் போகும்படி கட்டுப்படுத்துவது நல்லது. இல்லாவிட்டால் விளம்பர எண்களுக்கும், 026 என்று தொடங்கும் வீட்டுப் போன்களுக்கும் வீணாக அனுப்பப் பார்க்கும். எஸ்எம்எஸ்ஸுக்கு எஸ்எம்எஸ் பதில் அனுப்பும் விதியை நான் நிறுத்திவிட்டேன். எதிர்ப்பக்கமும் தானாகப் பதில் சொல்கிற போன் என்றால் இரண்டும் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டே இருக்கும். வாட்ஸ்அப்பில் வரும் கோலை இந்த விதி தவறிய கோலாக எடுப்பதில்லை, அது வேறு வேலை.

போன கிழமை மூதூரிலிருந்து திரும்பும்போது, கிண்ணியாப் பாலத்துக்கு இந்தப் பக்கம், மணி அடித்தது. அதற்கு முன் ஒரு எஸ்எம்எஸ் போயிருந்தது. நெஞ்சு திக்கென்றது. ஓரமாக நிறுத்தி எடுத்தேன்.

"வண்டியை நிப்பாட்டினியே பிள்ளை?" என்றுதான் முதலில் கேட்டா.

"ஓம் அம்மா, சொல்லுங்கோ."

"அப்பாட பிரசர் குளிசை முடிஞ்சுது. இரவுக்கு ஒண்டுமில்லை. வரேக்க ஃபார்மசியில வாங்கிக்கொண்டு வா."