எந்த விடையைத் தொட்டாலும் விளக்கம் தரும் வினாடி வினா ஸ்லைடுகள்

தண்டையார்பேட்டையில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு வரும் திருப்புதல் வகுப்புகளுக்கு நான் பவர்பாயின்ட்டில் வினாடி வினா ஸ்லைடுகள் செய்கிறேன். அதில் நான் கற்றுக்கொண்ட ஒரே ஒரு பகுதியை, அதாவது ஒவ்வொரு விடைத் தெரிவையும் தனித்தனியாகத் தொட்டால் அதற்குரிய விளக்கம் மட்டும் வெளிவரும்படி அமைப்பதை, இங்கே பதிவு செய்கிறேன்.

ஆசிரியர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கும் ஸ்லைடுகளில் பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் இருக்கும். வினா தோன்றும், நான்கு தெரிவுகள் தோன்றும், மறுபடி கிளிக் செய்தால் சரியான விடை பச்சையாகும். இதில் ஒரு குறை உண்டு. வகுப்பு என்ன சொன்னாலும் ஸ்லைடு தனக்கென்று வைத்திருக்கும் வரிசையில்தான் நகரும். பாதி வகுப்பு தவறான ஒரு தெரிவுக்குக் கை தூக்கியிருக்கும்போது அது ஏன் தவறு என்று அந்த நொடியில் காட்ட வழியில்லை. சரியான விடை வந்துவிடுகிறது, கை தூக்கியவர்கள் கையைக் கீழே போட்டுவிடுகிறார்கள், அவர்களுடைய குழப்பம் அப்படியே தங்கிவிடுகிறது.

ஒளியியல் பாடத்திலிருந்து நான் செய்த ஸ்லைடையே எடுத்துக்கொள்கிறேன். வினா: கிட்டப்பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யப் பயன்படும் லென்ஸ் எது? தெரிவுகள்: அ. குவிலென்ஸ், ஆ. குழிலென்ஸ், இ. உருளை லென்ஸ், ஈ. இருகுவிய லென்ஸ். விடை குழிலென்ஸ். மற்ற மூன்றையும் நான் வெறும் இடநிரப்பிகளாகப் போடவில்லை. குவிலென்ஸ் என்பவர் கிட்டப்பார்வையையும் தூரப்பார்வையையும் மாற்றிப் போடுகிறார். உருளை லென்ஸ் என்பவர் பார்வைச் சிதறலை நினைக்கிறார். இருகுவிய லென்ஸ் என்பவருக்குத் தாத்தாவின் பைஃபோகல் கண்ணாடி நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு தவறுக்கும் தனிக் காரணம் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கம் தேவை. தவறான தெரிவுகளை இப்படி யோசித்து எழுதாவிட்டால் பின்வரும் வேலை எதற்கும் பயன் இல்லை. 'தவறு' என்ற ஒரே சொல்லை மூன்று முறை காட்டுவதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

முதலில் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு தெரிவுகளையும் ஒரே பட்டியலாக ஒரே பெட்டியில் தட்டச்சு செய்தால் அவற்றைத் தனித்தனியே தொட முடியாது, ஏனெனில் ட்ரிகர், அதாவது ஒன்றைத் தொட்டால் இன்னொன்றின் அனிமேஷன் ஓடும்படி செய்யும் அமைப்பு, பெட்டி முழுவதற்கும் உரியது. ஆகவே நான்கு தெரிவுகளுக்கு நான்கு பெட்டிகள், அவற்றின் வலப்பக்கத்தில் நான்கு விளக்கப் பெட்டிகள். விளக்கங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குபவர்கள் இருக்கிறார்கள். திரையில் இடம் மிச்சமாகும் என்பது உண்மைதான், ஆனால் பின்னர் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டுமானால் மேலே இருப்பதை எல்லாம் மறைத்துவிட்டுத்தான் அடியில் இருப்பதை எட்ட முடியும். பத்துச் சொற்களுக்குள் விளக்கம் எழுதினால் பக்கத்திலேயே இடம் போதும்.

அடுத்தது பெயர். Alt+F10 அழுத்தினால் Selection Pane திறக்கும். அதில் பெட்டிகள் TextBox 7, TextBox 12 என்று தாமாகப் பெற்ற பெயர்களோடு இருக்கும். தெரிவுப் பெட்டியை opt_A, அதன் விளக்கப் பெட்டியை exp_A என்ற முறையில் மாற்றிக்கொண்டேன். இதைச் சோம்பலில் விட்டுவிடக் கூடாது. ட்ரிகரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் இந்தப் பெயர்கள் மட்டுமே தெரியும், பெட்டிக்குள் இருக்கும் தமிழ் எழுத்து தெரியாது. எண்களை நம்பித் தேர்ந்தெடுத்தால் குழிலென்ஸைத் தொட்டதும் உருளை லென்ஸின் விளக்கம் வரும்.

இனி அனிமேஷன். exp_A பெட்டியைத் தேர்ந்தெடுத்து Animations தாவலில் Appear அல்லது Fade கொடுத்து, அதே தாவலில் உள்ள Trigger, On Click of வழியாக opt_A-வைத் தேர்ந்தெடுத்தால் முதல் இணைப்பு முடிந்தது. இதைச் சரிபார்க்க Animation Pane-ஐத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. அங்கே opt_A-வின் பெயர் தாங்கிய ட்ரிகர் தலைப்புக்குக் கீழே exp_A இருக்க வேண்டும். தலைப்பு எதற்கும் கீழே வராமல் பட்டியலின் மேற்பகுதியில் ஓர் அனிமேஷன் நின்றால், அது பழைய வரிசையிலேயே இருக்கிறது என்று பொருள். திரையில் எங்கே கிளிக் செய்தாலும் அது ஓடிவிடும். ஸ்லைடிலேயே இன்னோர் அடையாளமும் உண்டு: வரிசையில் ஓடுபவற்றின் அருகில் எண் இருக்கும், ட்ரிகர் பெற்றவற்றின் அருகில் மின்னல் குறி இருக்கும்.

காட்டிய விளக்கத்தை மறைக்கவும் எனக்கு வசதி வேண்டியிருந்தது. ஒரு தவறான தெரிவைப் பேசி முடித்ததும் அதன் விளக்கம் கண்ணில் படாமல் இருந்தால்தான் அடுத்ததைப் பேச முடிகிறது. அதற்கு exp_A-வுக்கே Disappear என்ற வெளியேறும் அனிமேஷனையும் சேர்த்து, அதற்கும் opt_A-வையே ட்ரிகராக வைத்தேன். முதல் தொடலில் விளக்கம் வரும், இரண்டாம் தொடலில் போகும், மூன்றாவதில் மறுபடி வரும். இரண்டாவது அனிமேஷனை Add Animation பொத்தான் வழியாகத்தான் சேர்க்க வேண்டும். மேலே வரிசையாகத் தெரியும் படங்களில் ஒன்றை அழுத்தினால் முன்பு கொடுத்த அனிமேஷன் நீங்கிப் புதியது அதன் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

ட்ரிகரைச் சரியான விடைக்கு மட்டும் வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை, பொதுவாகச் சுற்றிவந்த ஒரு கோப்பை வகுப்பில் ஓட்டியபோது பார்த்தேன். நான் தெரிவுகளை வாசித்துக்கொண்டே மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தேன். வினாவைக் கூட முழுதாகப் படிக்காமல் முன்வரிசைப் பையன் ஒருவன், "சார், ஆ-தான் சார் ஆன்சரு" என்றான். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டதற்கு, "அது மேல வந்தா மட்டும் அம்பு கையா மாறுது சார்" என்றான். அவன் சொன்னது முற்றிலும் சரி. ட்ரிகர் உள்ள பெட்டியின்மேல் சுட்டி வரும்போது அது கை வடிவம் பெறும், இல்லாத பெட்டியின்மேல் அம்பாகவே இருக்கும். நான்கு தெரிவுகளுக்கும் ட்ரிகர் வைப்பதற்குப் பாடம் சார்ந்த காரணத்தோடு இந்தக் காரணமும் சேர்ந்துகொண்டது.

தொடுதிரையில் ஓட்டும்போது வேறொரு சிக்கல் தலைகாட்டியது. தெரிவுப் பெட்டிக்கு நிறமே இல்லாமல், அதாவது No Fill என்று விட்டிருந்தால், எழுத்தின் மேல் விரல் பட்டால் மட்டுமே ட்ரிகர் வேலை செய்கிறது. எழுத்துகளுக்கு இடையிலான வெற்றிடத்தில் பட்டால் எதுவும் நடப்பதில்லை. பெட்டிக்கு வெள்ளை நிறம் கொடுத்து அதன் Transparency-ஐ 100% ஆக்கினால் பார்வைக்கு வித்தியாசம் இல்லை, ஆனால் பெட்டியின் முழுப் பரப்பும் தொடலை ஏற்கும்.

குறி தவறிய தொடல் இன்னொரு விதத்திலும் தொல்லை தரும். பெட்டிக்கு வெளியே பட்ட கிளிக்கை 'அடுத்த ஸ்லைடு' என்று பவர்பாயின்ட் எடுத்துக்கொள்கிறது. வகுப்பு காரசாரமாக வாதாடிக்கொண்டிருக்கும்போது வினாவே காணாமல் போய்விடும். Transitions தாவலில் On Mouse Click என்பதன் குறியை எடுத்துவிட்டு Apply To All அழுத்தினால் இது நின்றுவிடும். அதன்பின் அடுத்த வினாவுக்குச் செல்ல ஒரு வழி வேண்டும் என்பதால், Shapes பட்டியலின் அடியில் இருக்கும் Action Buttons-இல் முன்னோக்கிய அம்பை ஒவ்வொரு ஸ்லைடின் மூலையிலும் வைத்தேன். குறியை எடுத்த பிறகும் விசைப்பலகையின் அம்பு விசைகளும் மவுஸின் உருளையும் ஸ்லைடை நகர்த்தும். விசைகளையும் அடைக்க வேண்டுமென்றால் Set Up Slide Show-வில் Browsed at a kiosk என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். மாணவர்களே குழுவாகக் கணினியில் அமர்ந்து ஓட்டும்போது அதை வைக்கிறேன். நானே நடத்தும் வகுப்பில் வைப்பதில்லை, ஏனெனில் தொடுதிரை மக்கர் செய்யும் நாளில் எனக்கு விசைப்பலகை வேண்டும்.

கையடக்க ரிமோட்டை நம்பி வகுப்பின் பின்பகுதியில் நின்று நடத்துபவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது. ரிமோட் அனுப்புவது 'அடுத்தது', 'முந்தையது' என்ற கட்டளைகளைத்தான். எந்தப் பெட்டி என்று அதற்குச் சொல்லத் தெரியாது. வயர்லெஸ் மவுஸ் வைத்துக்கொண்டால் வகுப்புக்குள் நடந்துகொண்டே செய்யலாம். கோப்பைக் கூகுள் ஸ்லைட்ஸில் திறந்து நடத்த நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும், அங்கே ட்ரிகர் என்ற வசதியே கிடையாது. லிப்ரே ஆபிஸின் இம்ப்ரஸில் உண்டு. அனிமேஷனின் Effect Options-க்குள் Timing பகுதியில் Start effect on click of என்ற பெயரில் இருக்கிறது.

வகுப்பில் இதை நான் ஓட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கைகளை எண்ணி, அதிகம் பேர் தேர்ந்தெடுத்த தவறான தெரிவை முதலில் தொடுகிறேன். குவிலென்ஸைத் தொட்டால், 'ஒளிக்கதிர்களைக் குவிக்கும். தூரப்பார்வைக்கு உரியது' என்று வரும். கிட்டப்பார்வையில் பிம்பம் ஏற்கெனவே விழித்திரைக்கு முன்னாலேயே விழுகிறது, மேலும் குவித்தால் என்ன ஆகும் என்று கேட்டால், இன்னும் முன்னே வந்துவிடும் என்று வகுப்பே சொல்லி, விரிக்கும் லென்ஸ் வேண்டும் என்ற இடத்துக்கும் அதுவே வந்து சேர்கிறது. அதற்குப் பிறகுதான் குழிலென்ஸைத் தொடுகிறேன். சரியான விடையை முதலில் திறந்துவிட்டால் மற்ற மூன்றையும் கேட்க ஆள் இருக்காது. அந்த விளக்கப் பெட்டியின் நிறத்தையும் மற்றவற்றைப் போலவே வைத்திருக்கிறேன், ஒரு சரிக்குறி மட்டும் கூடுதல்.

ஒரு ஸ்லைடு சரியாக அமைந்துவிட்டால் மற்றவற்றுக்கு மீண்டும் அனிமேஷன் கொடுக்க வேண்டியதில்லை. இடப்பக்கச் சிறுபடத்தைத் தேர்ந்தெடுத்து Ctrl+D அழுத்தினால் ட்ரிகர்களும் பெயர்களும் அப்படியே நகலாகும். பெட்டிகளை அழிக்காமல் உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் மாற்ற வேண்டும். நகலில் சரிக்குறியும் அதே பெட்டியில் இருப்பதால், எல்லா வினாவுக்கும் விடை இரண்டாவது இடத்திலேயே வந்துகொண்டிருக்கும், அதை மாணவர்கள் மூன்றாம் ஸ்லைடிலேயே பிடித்துவிடுவார்கள். அப்போது எழுத்துகளை வெட்டி ஒட்டுவதை விட, opt_B, exp_B ஆகிய இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து மேலேயோ கீழேயோ நகர்த்திவிட்டு, அங்கே இருந்த இணையை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து, அ, ஆ என்ற எழுத்துகளை மட்டும் திருத்துவது எளிது. பெட்டி எங்கே போனாலும் அதன் ட்ரிகர் கூடவே போகும்.